மீட்டர் அனுப்பும் முப்பத்திரண்டு பிட்டுகள்

ஆலைகளிலும் பெரிய கட்டடங்களிலும் மின்சார அறையின் பேனலில் ஒரு எனர்ஜி மீட்டரைப் பதித்திருப்பார்கள். வோல்டேஜ், கரண்ட், பவர் ஃபேக்டர், ஓடிய யூனிட் எல்லாம் அதன் சிறிய திரையில் மாறி மாறித் தெரியும். பின்பக்கத்திலிருந்து இரண்டு கம்பிகள் கிளம்பி அலுவலகக் கணினிவரை போகும். அந்தக் கம்பிகளின் வழியே மீட்டரும் கணினியும் பேசிக்கொள்ளும் முறைக்கு மோட்பஸ் என்று பெயர். 1979இல் வந்த முறை. இன்றும் உலகெங்கும் தொழிற்சாலைகளில் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

மீட்டரின் திரையில் 230.5 வோல்ட் என்று தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே அளவைக் கணினி கேட்டால், மீட்டர் இரண்டு முழு எண்களைத் திருப்பி அனுப்பும்: 17254, அடுத்து 32768. மோட்பஸில் ஒரு ரெஜிஸ்டர் 16 பிட் மட்டுமே கொள்ளும். 230.5 என்ற தசம எண்ணுக்கு 32 பிட் வேண்டும் என்பதால் அது இரண்டு ரெஜிஸ்டர்களில் பிரிந்து வருகிறது.

முதல்முறையாக இந்த வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் 17254ஐப் பார்த்ததும் நூறால் வகுத்துவிடுவார்கள். 172.54 வோல்ட் கிடைக்கும். லைனில் வோல்டேஜ் குறைவாக இருக்கிறது என்று நம்பவைக்கக்கூடிய எண் அது. அதில்தான் ஆபத்தே இருக்கிறது. நிஜத்தில் வோல்டேஜ் 231.5க்கு ஏறினால் அந்த ரெஜிஸ்டர் 17254லிருந்து 17255 ஆகும். கணினித் திரையில் 172.54 என்பது 172.55 ஆகும். ஒரு முழு வோல்ட் ஏற்றம், நூறில் ஒரு பங்காகச் சுருங்கிப் பதிவாகும். மீட்டரில் எண் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, கணினியில் அது கிட்டத்தட்ட அசையாமல் நின்றால், இந்தத் தவறு நடந்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

சரியான வழி, அந்த 32 பிட்டையும் ஒன்றாகச் சேர்த்து, மிதவைப் புள்ளி எண்ணாகப் படிப்பது. சி மொழியில் `float` என்று எழுதுகிறோமே, அது பெரும்பாலான கணினிகளில் இந்த வடிவத்தில்தான் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கிறது. இதைக் காகிதத்தில் பிரித்துப் பார்க்கப் பள்ளிக் கணக்கே போதும்.

இந்த வடிவத்துக்கு ஐ.ட்ரிபிள்.ஈ. 754 என்று பெயர். 1985இல் தரமாக வெளியானது. அதற்கு முன்பு ஒவ்வொரு கணினி நிறுவனமும் தசம எண்களைத் தன் போக்கில் எழுதிவைத்தது. ஒரு கணினியில் எழுதிய கணக்கு வேறொன்றில் வேறு விடை தரும். பெர்க்லி பல்கலைக்கழகக் கணிதவியலாளர் வில்லியம் கஹான் இந்தத் தரம் உருவாவதில் முதன்மையான பங்கு வகித்தார். 1989ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

இனி கணக்குக்கு வருவோம். 17254ஐப் பதினாறடிமானத்தில் எழுதினால் 4366. 32768ஐ எழுதினால் 8000. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் 43668000. பதினாறடிமானத்தில் ஒவ்வொரு இலக்கமும் நான்கு பிட் என்பதால், பிட்டுகளாக விரிப்பது எளிது:

```
4    3    6    6    8    0    0    0
0100 0011 0110 0110 1000 0000 0000 0000
```

இந்த 32 பிட்டையும் மூன்று துண்டாக வெட்ட வேண்டும். இடது ஓரத்திலுள்ள ஒரே ஒரு பிட், குறி. அதையடுத்து எட்டு பிட், அடுக்கு. மிச்சமுள்ள 23 பிட், பின்னம். வெட்டும்போது நான்கு நான்காகப் பிரித்து வைத்த கோடுகளை மறந்துவிட வேண்டும். கையால் போடுபவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அடுக்கு இரண்டாவது பிட்டில் தொடங்கி ஒன்பதாவது பிட்டில் முடிகிறது. எந்தப் பதினாறடிமான இலக்கத்தின் எல்லையோடும் அது பொருந்தாது. முதல் இரண்டு இலக்கங்களான 43ஐ மட்டும் எடுத்து அடுக்கு என்று வைத்துக்கொண்டால் கணக்கு முழுவதும் கெட்டுவிடும்.

```
0 | 10000110 | 11001101000000000000000
```

குறிப் பிட் 0. ஆகவே இது நேர் எண். அது 1 ஆக இருந்தால் எதிர் எண். அவ்வளவுதான்.

அடுக்கு 10000110. இரும எண்ணாகப் படித்தால் 128 + 4 + 2 = 134. ஆனால் உண்மையான அடுக்கு 134 அல்ல. அதிலிருந்து 127ஐக் கழிக்க வேண்டும். 134 − 127 = 7. அதாவது இந்த எண்ணில் இரண்டின் ஏழாம் அடுக்கு இருக்கிறது.

ஏன் 127? அடுக்கு எதிர் எண்ணாகவும் இருக்க வேண்டியிருக்கிறது, 0.9 போன்ற சிறிய எண்களுக்கு இரண்டின் எதிர் அடுக்கு வேண்டும். அதற்காக அடுக்குக்கென்று தனியாக ஒரு குறிப் பிட் ஒதுக்காமல், எல்லா அடுக்குகளோடும் 127ஐக் கூட்டி, எப்போதும் நேர் எண்ணாகவே எழுதிவைக்கிறார்கள். இதனால் ஓர் அழகான நன்மை கிடைக்கிறது. இரண்டு நேர் எண்களின் 32 பிட் வடிவங்களை வெறும் முழு எண்களாக எண்ணி ஒப்பிட்டாலும், எது பெரியது என்ற விடை சரியாகவே வரும். பெரிய மதிப்புக்குப் பெரிய அடுக்கு, அந்த அடுக்கு இடது ஓரத்தில் இருக்கிறது. ஆகவே பிட்டுகளின் வரிசையும் மதிப்புகளின் வரிசையும் ஒன்றாகவே ஏறுகின்றன. இந்தப் பண்பு கொஞ்சம் கழித்து நமக்குக் கைகொடுக்கும்.

பின்னம் 11001101, அதன் பிறகு வெறும் பூச்சியங்கள். இங்கே எழுதப்படாத ஒரு பிட் ஒளிந்திருக்கிறது. இரும முறையில் எந்த எண்ணையும் முதல் இலக்கம் 1 ஆக வரும்படி புள்ளியை நகர்த்தி எழுதலாம். பூச்சியத்தைத் தவிர எல்லா எண்களுக்கும் அந்த முதல் இலக்கம் கட்டாயம் 1 தான். இருமத்தில் வேறு வழியே இல்லை. எப்போதும் 1 ஆகவே இருக்கப்போகும் ஒன்றை எதற்கு எழுத வேண்டும்? அதை விட்டுவிட்டு, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை மட்டும் 23 பிட்டில் எழுதுகிறார்கள். 23 பிட் இடத்தில் 24 பிட் துல்லியம் கிடைத்துவிடுகிறது. படிக்கும்போது நாம்தான் அந்த 1ஐத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும்:

```
1.11001101 × 2^7
```

ஏழாம் அடுக்கு என்றால் புள்ளியை வலப்பக்கம் ஏழு இடம் தள்ள வேண்டும். 11100110.1 என்று வரும். புள்ளிக்கு இடப்பக்கம்: 128 + 64 + 32 + 4 + 2 = 230. வலப்பக்கம் ஒரே ஒரு 1. அதன் மதிப்பு அரை. மொத்தம் 230.5. மீட்டரின் திரையில் இருந்த அதே எண்.

இப்போது தொடக்கத்தில் பார்த்த 17254, 17255 விஷயமும் விளங்கிவிடும். 128 முதல் 256 வரையுள்ள எல்லா எண்களுக்கும் அடுக்கு 7. அந்த எல்லைக்குள் முதல் ரெஜிஸ்டரின் கடைசிப் பிட்டுக்கு மதிப்பு சரியாக 1. ஆகவே ஒரு வோல்ட் ஏறினால் அந்த ரெஜிஸ்டரும் ஒன்று ஏறுகிறது. இரண்டாவது ரெஜிஸ்டர் அந்த ஒரு வோல்ட்டை 65536 பங்காகப் பிரித்துச் சொல்கிறது. 32768 என்பது அதில் சரிபாதி. 256ஐத் தாண்டினால் அடுக்கு 8 ஆகிவிடும், முதல் ரெஜிஸ்டரின் ஒவ்வொரு படியும் இரண்டு வோல்ட் ஆகிவிடும். புள்ளி மிதக்கிறது என்று சொல்வதன் பொருள் இதுதான்: பிட்டுகளின் எண்ணிக்கை மாறுவதில்லை, ஒவ்வொரு பிட்டின் மதிப்பு மட்டும் எண்ணின் அளவுக்கு ஏற்ப மாறுகிறது.

230.5 இருமத்தில் சுத்தமாக முடிந்துவிட்டது. எல்லா எண்களும் அப்படி முடிவதில்லை. பவர் ஃபேக்டர் 0.9 என்று எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டர் அதை 3F666666 என்று அனுப்பும். குறி 0. அடுக்கு 126, அதாவது −1. பின்னத்தில் 1100 1100 என்று ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. பத்தில் ஒன்பதை இருமத்தில் எழுதப் போனால் அந்த வரிசை முடிவில்லாமல் நீளும். 23 பிட்டில் அதை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டிய பிறகு கையில் இருப்பது 15099494 / 16777216, அதாவது சுமார் 0.899999976. கணினித் திரையில் 0.899999976 என்று பார்த்துவிட்டு மீட்டர் பழுது என்று எண்ண வேண்டியதில்லை. 0.9க்கு மிக அருகில் இந்த வடிவத்தால் எழுத முடிந்த எண் அது. திரையில் இரண்டு மூன்று தசம இடத்தோடு நிறுத்திக்கொண்டால் 0.90 என்றே தெரியும்.

இதே வேலையைச் சி மொழியில் செய்வது, கையால் செய்ததை அப்படியே எழுதுவதுதான். முதலில் இரண்டு ரெஜிஸ்டர்களையும் ஒட்ட வேண்டும்:

```c
uint16_t r1 = 0x4366, r2 = 0x8000;
uint32_t b = ((uint32_t)r1 << 16) | r2;
```

அந்த `(uint32_t)` தேவையில்லை என்று நினைத்துப் பலர் விட்டுவிடுவார்கள். சாதாரணக் கணினியில் நேர் எண்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் 16 பிட் ரெஜிஸ்டரை நகர்த்தும்போது சி மொழி அதை முதலில் `int` ஆக மாற்றிக்கொள்கிறது. முதல் பிட் 1 ஆக இருக்கும் எண்ணை அப்படி 16 இடம் நகர்த்தினால் `int` கொள்ளாமல் வழிந்துவிடும். என்ன நடக்கும் என்பதற்குச் சி மொழியின் தரம் எந்த உறுதியும் தருவதில்லை. முதல் பிட் 1 என்றால் எதிர் எண் என்று பார்த்தோம். கூரையில் சோலார் பேனல் வைத்த ஆலை, பகலில் மின்சாரத்தை வெளியே அனுப்பும்போது பவர் −12.5 கிலோவாட் என்று வரலாம். அதன் வடிவம் C1480000. அதுவரை ஒழுங்காக ஓடிய நிரலுக்கு அன்றைக்குத்தான் முதல் சோதனை. ஆர்டுயினோ ஊனோ போன்ற பலகைகளில் நிலைமை இன்னும் மோசம்: அங்கே `int` என்பதே 16 பிட். 16 இடம் நகர்த்தினால் நேர் எண்கள்கூடப் பிழைக்காது. எனவே அந்த மாற்றத்தை எப்போதும் வெளிப்படையாக எழுதுவதே நல்லது.

ஒட்டியாகிவிட்டது. இனி வெட்ட வேண்டும்:

```c
double decode(uint32_t b)
{
    int s = b >> 31;
    int e = (b >> 23) & 0xFF;
    uint32_t f = b & 0x7FFFFF;
    double v;

    if (e == 255)
        v = f ? NAN : INFINITY;
    else if (e == 0)
        v = ldexp(f, -149);
    else
        v = ldexp(f | 0x800000, e - 150);

    return s ? -v : v;
}
```

இதற்கு `stdint.h`, `math.h` இரண்டையும் சேர்க்க வேண்டும். 31 இடம் வலப்பக்கம் நகர்த்தினால் குறிப் பிட் மட்டும் மிஞ்சும். 23 இடம் நகர்த்தினால் பின்னம் உதிர்ந்து, அடுக்கு கடைசிக்கு வந்துவிடும். `0xFF` கொண்டு மறைத்தால் குறியும் விலகி, எட்டு பிட் மட்டும் நிற்கும். `0x7FFFFF` என்பது 23 ஒன்றுகள். அதைக் கொண்டு மறைத்தால் பின்னம் கிடைக்கும்.

கடைசி `else`இல்தான் ஒளிந்திருந்த 1 திரும்ப வருகிறது. `0x800000` என்பது 24ஆவது பிட். அதைச் சேர்த்தால் நம் எடுத்துக்காட்டில் E68000, அதாவது 15106048 என்ற முழு எண் கிடைக்கும். கையால் போட்டபோது புள்ளியை முதல் 1க்குப் பக்கத்தில் வைத்தோம். இங்கே 24 பிட்டையும் முழு எண்ணாக எடுத்துவிட்டதால், புள்ளி 23 இடம் வலப்பக்கம் போய்விட்டது. அதை ஈடுகட்ட 127உடன் இன்னும் 23ஐயும் சேர்த்துக் கழிக்கிறோம். 150 என்ற எண் அங்கிருந்து வருகிறது. 134 − 150 = −16. `ldexp` என்பது ஓர் எண்ணை இரண்டின் அடுக்கால் பெருக்கும் செயற்கூறு. 15106048ஐ இரண்டின் பதினாறாம் அடுக்கான 65536ஆல் வகுத்தால் 230.5.

பிட்டுகளைப் பிரித்துப் பார்க்கும் தேவை இல்லை, மதிப்பு மட்டும் போதும் என்றால் இரண்டே வரி:

```c
float v;
memcpy(&v, &b, sizeof v);
```

`string.h` சேர்த்தால் போதும். பிட்டுகளை மாற்றாமல் அப்படியே நகலெடுத்து, இதை `float` ஆகப் படி என்று சொல்வது இது. இதற்குப் பதிலாக `v = b;` என்று எழுதினால் கம்பைலர் ஒரு குறையும் சொல்லாது, ஆனால் 1130790912 என்ற பிரம்மாண்டமான எண் வந்து நிற்கும். அந்த வரி பிட்டுகளை நகலெடுப்பதில்லை. முழு எண்ணின் மதிப்பைத் தசம எண்ணாக மாற்றுகிறது. வோல்டேஜ் நூறு கோடியைத் தாண்டிப் பதிவாகியிருந்தால் இந்த வரியைத்தான் முதலில் தேட வேண்டும். `*(float *)&b` என்று சுட்டியை மாற்றி எழுதும் பழக்கமும் பழைய நிரல்களில் நிறைய உண்டு. பல இடங்களில் அது ஓடுகிறது, ஆனால் சி மொழியின் விதி அதை அனுமதிப்பதில்லை. வேகத்துக்காகக் கம்பைலர் நிரலைச் சீரமைக்கும்போது தவறான விடை வர வாய்ப்புண்டு. `memcpy` மெதுவாக இருக்குமோ என்ற கவலையும் வேண்டாம். இன்றைய கம்பைலர்கள் நான்கு பைட் நகலை ஒரே கட்டளையாகச் சுருக்கிவிடும்.

நிரல் சரி, மீட்டரும் சரி, ஆனாலும் திரையில் பூச்சியம் வருகிறது. இந்த வேலையில் அதிகம் தலையைப் பிய்த்துக்கொள்ளவைக்கும் சிக்கல் இது. மோட்பஸ் முறை ஒரு ரெஜிஸ்டருக்குள் பெரிய பைட் முதலில் வரும் என்று தெளிவாகச் சொல்கிறது. ஆனால் 32 பிட் எண்ணை இரண்டு ரெஜிஸ்டரில் போடும்போது எந்தப் பாதி முதலில் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி செய்துகொண்டது. நம் மீட்டர் பாதிகளை மாற்றி அனுப்பினால், நாம் ஒட்டும் எண் 80004366 ஆகிவிடும். அதை வெட்டிப் பார்ப்போம்:

```
1 | 00000000 | 00000000100001101100110
```

குறி 1, எதிர் எண். அடுக்கு முழுவதும் பூச்சியம். இங்கே விதி மாறுகிறது. அடுக்கு பூச்சியமாக இருந்தால் ஒளிந்திருக்கும் 1 கிடையாது. பின்னத்தை முழு எண்ணாக எடுத்து, இரண்டின் 149ஆம் அடுக்கால் வகுக்க வேண்டும். இப்படி ஒரு விதி இல்லாவிட்டால் பூச்சியத்தையே எழுத முடியாது. ஒளிந்திருக்கும் 1 எப்போதும் குறுக்கே நிற்கும். பூச்சியத்துக்கும் மிகச்சிறிய சாதாரண எண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் இந்த விதிதான் சிறு சிறு படிகளாக நிரப்புகிறது. நம் கணக்கில் பின்னம் 17254. விடை சுமார் −2.4178 × 10⁻⁴¹. இரண்டு தசம இடத்தோடு அச்சிட்டால் −0.00 என்று வரும்.

அந்தக் கழித்தல் குறியைக் கவனியுங்கள். வோல்டேஜ் எதிர் எண்ணாக இருக்க முடியாது. வெறும் பூச்சியம் வந்திருந்தால் கம்பி அறுந்ததா, மீட்டர் அணைந்ததா என்று தேடலாம். −0.00 என்பது வேறு கதையைச் சொல்கிறது: ஏதோ எண் வந்திருக்கிறது, அதைத் தலைகீழாகப் படித்திருக்கிறோம். வோல்டேஜ் சரியாக 230 ஆக இருந்தால் இரண்டாவது ரெஜிஸ்டர் முழுவதும் பூச்சியம் என்பதால் குறி வராது, 0.00 என்றே தெரியும். எனவே `%.2f`க்குப் பதில் `%.9g` போட்டு அச்சிட்டுப் பார்ப்பது நல்லது. ஒன்பது இலக்கம் இருந்தால் எந்த ஒற்றைத் துல்லிய எண்ணையும் இன்னொன்றோடு குழப்பாமல் அடையாளம் காணலாம். 10⁻⁴¹ என்ற அடுக்கும் ஒளிந்துகொள்ளாது.

பைட்டுகளும் இடம் மாறலாம். ஒவ்வொரு ரெஜிஸ்டருக்குள்ளும் இரண்டு பைட் மாறினால் 66430080. அதன் அடுக்கு 204, மதிப்பு சுமார் 2.3 × 10²³. நான்கு பைட்டும் தலைகீழாகத் திரும்பினால் 00806643. அடுக்கு 1, மதிப்பு சுமார் 1.18 × 10⁻³⁸. ஒவ்வொரு தவறும் தனக்கென்று ஓர் அடையாளத்தை விட்டுச் செல்கிறது. வரும் எண் எவ்வளவு அபத்தமானது என்பதே, எந்த வகையில் மாறியிருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

இதைவிட விரைவான வழி ஒன்று உண்டு. பதினாறடிமானத்தில் முதல் இலக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். பிட்டுகளின் வரிசையும் மதிப்புகளின் வரிசையும் சேர்ந்தே ஏறுகின்றன என்று முன்பு பார்த்தோம். 30000000 என்ற வடிவத்தின் அடுக்கு 96. மதிப்பு இரண்டின் −31ஆம் அடுக்கு, சுமார் 4.7 × 10⁻¹⁰. 4FFFFFFF என்பது இரண்டின் 33ஆம் அடுக்குக்குச் சற்றே குறைவு, சுமார் 859 கோடி. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லா நேர் எண்களும் 3 அல்லது 4இல்தான் தொடங்கும். ஓர் ஆலையின் பேனலில் அளக்கக்கூடிய வோல்ட், ஆம்பியர், கிலோவாட், ஹெர்ட்ஸ் எல்லாம் இந்த எல்லைக்குள் அடங்கிவிடும். எதிர் எண்ணாக இருந்தால் குறிப் பிட் சேர்ந்து முதல் இலக்கம் B அல்லது C ஆகும். எனவே வந்த நான்கு பைட்டுகளில் 3, 4, B, C என்று தொடங்கும் பைட் எது என்று தேடினால், அதுதான் முதலில் நிற்க வேண்டிய பைட் என்பதற்கு நல்ல அறிகுறி. ஒரே ஒரு அளவை வைத்து முடிவுகட்டிவிட வேண்டாம். நம் எடுத்துக்காட்டின் 43 தெளிவாகத் தெரிந்தது, ஆனால் தற்செயலாக வேறொரு பைட்டும் 3 அல்லது 4இல் தொடங்கலாம். 50 ஹெர்ட்ஸ் மாதிரி, விடை முன்பே தெரிந்த ஓர் அளவைக் கேட்டு வாங்கி ஒப்பிடுவதுதான் என் பார்வையில் நம்பகமான சோதனை. 50இன் வடிவம் 42480000. அது எந்த வரிசையில் வருகிறதோ, அந்த மீட்டரின் மற்ற எல்லா அளவுகளும் அநேகமாக அதே வரிசையில்தான் வரும்.

அடுக்கு முழுவதும் ஒன்றாக, அதாவது 255 ஆக இருந்தால் அது எண்ணே அல்ல. பின்னம் பூச்சியமாக இருந்தால் முடிவிலி. ஏதோ ஒன்றைப் பூச்சியத்தால் வகுத்திருக்கலாம். பின்னத்தில் ஏதாவது ஒரு பிட்டாவது இருந்தால் அது எண் அல்ல என்ற அறிவிப்பு, சி மொழியில் `NAN`. சில மீட்டர்கள், அளக்காத அளவைக் கேட்டால் 7FC00000 அல்லது FFC00000 என்று அனுப்பும். மூன்றாவது ஃபேஸ் இணைக்கப்படாத மீட்டரிடம் அதன் வோல்டேஜைக் கேட்பது போல. இந்த மதிப்பு எந்த ஒப்பீட்டுக்கும் உடன்படாது. `v < 200` என்று கேட்டால் பொய், `v > 250` என்று கேட்டாலும் பொய், `v == v` என்று கேட்டால்கூடப் பொய். வோல்டேஜ் 200க்குக் கீழே போனால் அலாரம் அடி என்று எழுதியிருந்தால், ஃபேஸ் போன பிறகு அந்த அலாரம் அடிக்கவே அடிக்காது. எனவே ஒப்பிடுவதற்கு முன் `isnan(v)` என்று கேட்டுவிட வேண்டும்.

யூனிட் கணக்குக்கு மட்டும் தனிக் கவனம் தேவை. ஒளிந்திருக்கும் 1ஐயும் சேர்த்து நமக்கு 24 பிட் துல்லியம்தான். இரண்டின் 24ஆம் அடுக்கு 16777216. அதன் வடிவம் 4B800000. அதற்கு மேலே அடுத்தடுத்த எண்களுக்கு இடையே இடைவெளி 2. ஆகவே `float` ஒன்றில் 16777216ஐ வைத்து அதனோடு 1ஐக் கூட்டினால் விடை 16777216 தான். எத்தனை லட்சம் முறை கூட்டினாலும் அசையாது. மின்சாரத்தை வாட்-மணியில் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும் நிரல், 16777 யூனிட்டைத் தாண்டும் இடத்தில் அப்படியே உறைந்துவிடும். மில் அளவிலான நுகர்வுக்கு இது பெரிய தொகையல்ல. கிலோவாட்-மணியில் வைத்தாலும் ஒரு லட்சம் யூனிட்டில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடைவெளி 0.0078 யூனிட்; அதன் பாதிக்கும் குறைவான எதைக் கூட்டினாலும் காணாமல் போய்விடும். இதனால்தான் பல மீட்டர்களில் வோல்ட், ஆம்பியரை `float` ஆகவும், ஓடிய மொத்த யூனிட்டை 32 அல்லது 64 பிட் முழு எண்ணாகவும் வெவ்வேறு ரெஜிஸ்டர்களில் தருகிறார்கள். மீட்டரோடு வரும் ரெஜிஸ்டர் பட்டியலில் இரண்டும் இருந்தால், பில்லுக்கு முழு எண்ணையே எடுக்க வேண்டும். `float` மட்டும்தான் கிடைக்கும் என்றால், கணினிப் பக்கம் சேர்க்கும் தொகையையாவது `double`இல் வைத்துக்கொள்ளலாம். அதில் பின்னத்துக்கு 52 பிட் இருக்கிறது, அடுக்கிலிருந்து கழிக்க வேண்டிய எண் 1023, வெட்டிப் படிக்கும் முறை மட்டும் இதேதான்.